பணவீக்கம் 0.25 சதவீதமாம், என் வீட்டுச் செலவு மட்டும் ஏன் இவ்வளவு ஏறுகிறது?

கேள்வி: 2025 அக்டோபரில் பணவீக்கம் 0.25 சதவீதம்தான் என்று செய்தியில் வந்தது. சென்னையில் வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள். 2024 அக்டோபரில் 60,000 ரூபாயில் முடிந்த மாதச் செலவு ஒரே வருடத்தில் 66,500 ஆகிவிட்டது. அரசுக் கணக்கு தப்பா? 6.5 சதவீத எஃப்.டி.யில் எனக்கு நிஜமாகவே 6 சதவீதத்துக்கு மேல் மிஞ்சுகிறதா?

பதில்: அந்த 0.25 சதவீதம் தப்பில்லை. ஆனால் அது உங்கள் வீட்டின் கணக்கும் இல்லை. நுகர்வோர் விலைக் குறியீடு என்பது நாட்டு மக்கள் மொத்தமாகச் செலவிடுவதை ஒரே கூடையாகக் கட்டி, அதன் விலையை மாதாமாதம் பார்ப்பது. அந்தக் கூடை 2011-12 செலவுக் கணக்கெடுப்பில் கட்டியது. அதில் உணவு, பானங்களுக்கு மட்டும் 45.86 சதவீத இடம். நகர்ப்புறக் கூடையில்கூட 36.29. அந்த அக்டோபரில் காய்கறி விலை முந்தைய ஆண்டைவிட 27 சதவீதத்துக்கு மேல் சரிந்திருந்தது. அவ்வளவு பெரிய பங்குள்ள உணவு மலிந்தால் மொத்த எண்ணும் கீழே வராமல் என்ன செய்யும்?

நீங்கள் அனுப்பிய பட்டியலில் மளிகை, காய்கறி, பால் எல்லாம் சேர்ந்தே 15,000 ரூபாய், அதாவது 25 சதவீதம்தான். காய்கறி மட்டும் 1,800. அது கால்வாசி குறைந்தாலும் மிச்சம் 450 ரூபாய். பள்ளிக் கட்டணமோ உங்கள் செலவில் 15 சதவீதம். நகர்ப்புறக் கூடையில் கல்விக்கு 5.62தான். வாடகை உங்களுக்கு 30, அங்கே வீட்டு வசதிக்கு 21.67. மலிந்த பொருளை நீங்கள் குறைவாக வாங்குகிறீர்கள், ஏறிய பொருளுக்கு அதிகம் கொடுக்கிறீர்கள்.

இனி உங்கள் வீட்டுப் பணவீக்கத்தைக் கணக்கிடுவோம். போன வருடம் வாங்கிய அதே அளவை இந்த வருட விலையில் வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று மட்டும் பாருங்கள். இங்கேதான் பலருக்கும் தவறு நேர்கிறது. பிள்ளை ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போனதால் கூடிய கட்டணம் விலையேற்றம் அல்ல. போன வருட ஐந்தாம் வகுப்புக் கட்டணத்தை, அதே பள்ளியில் இந்த வருட ஐந்தாம் வகுப்புக் கட்டணத்தோடு ஒப்பிட வேண்டும். மாதமாகக் கட்டாத கட்டணத்தையும் காப்பீட்டுப் பிரீமியத்தையும் 12-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். கட்டிய மாதத்தில் மட்டும் எழுதினால் ஜூன் மாதம் பயமுறுத்தும்.

அப்படிப் பார்த்தால் வாடகை 18,000-லிருந்து 18,900. பள்ளி 9,000-லிருந்து 10,080. உணவு 15,000-லிருந்து 14,550. டாக்டர், மருந்து 4,800-லிருந்து 5,184. கரண்டும் கேஸும் 3,000-லிருந்து 3,050. அந்த 50 ரூபாய் சிலிண்டர் விலையேற்றம். பெட்ரோல், பஸ், போன் 6,000 அப்படியே. துணிமணியும் மற்றவையும் 4,200-லிருந்து 4,326. ஆக மொத்தம் 2,090 ரூபாய் கூடியிருக்கிறது. 60,000-க்கு அது சுமார் 3.5 சதவீதம். இதுதான் உங்கள் வீட்டுப் பணவீக்கம்.

மீதி 4,410 ரூபாய் விலையால் ஏறியதல்ல. மேல் வகுப்பு, புதிதாகச் சேர்த்த டியூஷன், போனுக்கான இ.எம்.ஐ. என்று பட்டியலிலேயே தெரிகிறது. இவை தேவையான செலவாக இருக்கலாம். ஆனால் பணவீக்கத்தின் தலையில் இதைக் கட்டினால், உங்கள் கையில் இருக்கும் முடிவுகூட இல்லாததுபோல் தோன்றிவிடும். கடன் தவணை அரசுக் கூடையிலும் கிடையாது.

வாடகையில் இன்னொன்று உண்டு. குறியீட்டுக்கான வாடகை ஏற்கெனவே குடியிருப்போர் கொடுப்பதையும் சேர்த்துப் பார்ப்பதால் மெதுவாகத்தான் நகரும். வீடு மாறினால் உங்களுக்கு ஒரே அடியாக ஏறும். மாறும் எண்ணமிருந்தால் அந்த ஆண்டுக்கு 3.5-ஐ நம்பாதீர்கள்.

எஃப்.டி. விஷயத்துக்கு வருவோம். 20 சதவீத வரி வரம்பில் இருந்தால், செஸ்ஸும் சேர்ந்து 6.5-இல் கைக்கு வருவது சுமார் 5.15. அதில் 3.5 போக, நிஜ ஆதாயம் ஏறத்தாழ 1.65 சதவீதம். 6 அல்ல. அதுவும் காய்கறி மலிந்த வருடத்துக் கணக்கு. உணவு விலை திரும்பினால் இதுவும் கரையும். அதனால் பிள்ளைகளின் மேற்படிப்புக்குச் சேர்க்கும் பணத்துக்கு இந்த 3.5-ஐக்கூட வைக்க வேண்டாம். உங்கள் பள்ளிக் கட்டணம் 12 சதவீதம் ஏறியிருக்கிறது. அந்த இலக்குக்கு 10 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்துக் கணக்கிடுங்கள். அவசரத் தேவைக்கான ஆறு மாதச் செலவுத் தொகை எஃப்.டி.யிலேயே இருக்கட்டும்.

2026 பிப்ரவரியில் 2024-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய குறியீடு வந்துவிட்டது. அதில் உணவின் பங்கு 36.75 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. உங்கள் வீட்டின் 25-க்கு அது இன்னும் தொலைவுதான். எனவே ஆண்டுக்கு ஒரு முறை, பள்ளிக் கட்டண ரசீது வந்ததும், இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.