பணம் போய்விட்டது, ஆனால் வரவில்லை

கேள்வி: ஞாயிறு சாயங்காலம் 6.40க்கு பழைய பைக் ஒன்றுக்கு 85,000 ரூபாய் நெஃப்டில் அனுப்பினேன். என் ஆப்பில் 'வெற்றி' என்று காட்டுகிறது, விற்பவரோ வரவே இல்லை என்று சாவியைத் தர மறுக்கிறார். ஏமாற்றுகிறாரா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஆப் சொல்லும் அந்த 'வெற்றி'க்கு உங்கள் வங்கி பணத்தைக் கழித்து அனுப்ப எடுத்துக்கொண்டது என்பதுதான் பொருள், அவர் கணக்கில் விழுந்துவிட்டது என்பதல்ல. நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து ஞாயிறு, விடுமுறை எல்லா நாளும் ராத்திரி பகலாக ஓடுகிறது, அதனால்தான் பலரும் அதை உடனடி என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அது இன்னமும் அரை மணிக்கு ஒரு தொகுப்பாகத்தான் போகிறது. நீங்கள் 6.40க்கு அனுப்பியது பெரும்பாலும் 7 மணித் தொகுப்பில் ஏறியிருக்கும். அது முடிந்த பிறகு, அவருடைய வங்கிக்கு வரவு வைக்கவோ திருப்பி அனுப்பவோ இன்னும் இரண்டு மணி நேரம் அவகாசம் உண்டு. ஆக 9 மணி வரைக்கும் அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். பல வங்கிகளில் பத்து நிமிடத்தில் வந்துவிடும், அது வேறு விஷயம். அவர் கணக்கில் வரவானதும் உங்களுக்கு ஒரு உறுதிப்படுத்தும் எஸ்.எம்.எஸ். வரும், காட்ட வேண்டியது அதைத்தான், ஸ்கிரீன்ஷாட்டை அல்ல.

9 மணி தாண்டியும் வரவில்லை, திரும்பியும் வரவில்லை என்றால் இந்தப் பரிமாற்றத்தை அடையாளம் காட்டும் யு.டி.ஆர். எண்ணோடு உங்கள் வங்கியில் புகார் கொடுங்கள். தாமதத்துக்கு, வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் ரெப்போ விகிதத்தோடு 2 சதவீதம் கூட்டி வட்டி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஒரு நாளைக்குச் சுமார் இருபது ரூபாய்தான், ஆனாலும் கேளுங்கள்.

சாவியும் பணமும் ஒரே நேரத்தில் கை மாறும் இடத்தில் ஐ.எம்.பி.எஸ்.தான் சரி. தொகுப்புக்காகக் காத்திருக்காது, சில நொடியில் அவருடைய போனிலேயே வரவு தெரிந்துவிடும். ஒரு முறைக்கு 5 லட்சம் வரை அனுப்பலாம், வங்கி தன் பங்குக்குக் குறைத்திருக்கலாம். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்: அன்றைக்குத்தான் சேர்த்த புதுக் கணக்குக்கு முதல் சில மணி நேரமோ ஒரு நாளோ சிறு தொகைதான் போகும் என்று நிறைய வங்கிகள் வைத்திருக்கின்றன, அதனால் விற்பவரின் கணக்கை முந்தின நாளே சேர்த்துவிட்டு ஒரு ரூபாய் அனுப்பி, அவர் பெயர்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நெஃப்ட் ஆன்லைனில் இலவசம், ஐ.எம்.பி.எஸ்.க்குச் சில வங்கிகள் சில ரூபாய் பிடிக்கும், பைக் வாங்குபவருக்கு அது ஒரு பொருட்டா என்ன!

ஐ.எம்.பி.எஸ்.ஸும் எப்போதாவது நடுவில் தொங்கும், பணம் கழிந்திருக்கும் ஆனால் அங்கே போயிருக்காது. அப்போது உடனே இன்னொரு தடவை அனுப்பிவிடாதீர்கள், முதலாவதும் போய்ச் சேர்ந்துவிட்டால் இரட்டைத் தொகையை அவரிடம் கெஞ்சி வாங்க வேண்டியிருக்கும். மறுநாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும், தவறினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு.