வயது இடைவெளி அதிகமுள்ள தம்பதியருக்குக் கூட்டு ஓய்வூதியம்: கேள்வி பதில்

பல்லடம் வாசகர்: எனக்கு 62, மனைவிக்கு 46. கையில் உள்ள 20 லட்சத்தைக் காப்பீட்டு நிறுவனத்தில் ஒரே தவணையாகக் கொடுத்து, இருவருக்கும் ஆயுள் முழுதும் மாதாமாதம் ஓய்வூதியம் தரும் ஆனுவிட்டி வாங்கப் போகிறேன். என் காலத்துக்குப் பிறகு மனைவிக்கு அந்த ஓய்வூதியத்தில் பாதியா, முழுத் தொகையா?

முழுத் தொகையையே நான் சொல்வேன். மாதிரிக் கணக்காக, பாதி விருப்பத்தில் மாதம் 12,600 ரூபாயும், முழு விருப்பத்தில் 11,400 ரூபாயும் தருவதாகச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். நீங்கள் 80 வயது வரை இருந்தால், பாதி விருப்பத்தால் 18 ஆண்டுகளில் கூடுதலாகக் கிடைப்பது ஏறத்தாழ 2.6 லட்சம். அப்போது 64 வயதாகும் உங்கள் மனைவி 85 வரை இருந்தால், மாதம் 5,100 வீதம் 21 ஆண்டுகளில் அவர் இழப்பது ஏறத்தாழ 12.85 லட்சம். தொகை ஏறாத திட்டம் என்பதால், விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்ந்தால் 12 ஆண்டுகளில் பணத்தின் மதிப்பும் பாதியாகிவிடும்.

கோபி வாசகர்: ஒருவர் போய்விட்டால் செலவும் பாதிதானே? 50 சதவீதம் போதும்.

அரிசியும் பாலும் குறையும் என்பது சரிதான். ஆனால் வீட்டு வரி, மின்கட்டணம், மருந்து, மொய் ஆகியவை பாதியாவதில்லை. உங்கள் வீட்டு அம்மாவுக்குத் தோப்பு வருமானமோ வாடகையோ தன் பெயரில் இருந்தால், அல்லது அவர் உடல்நிலை சரியில்லை என்றால், பாதி போதுமா என்பதை நீங்கள் இருவரும்தான் முடிவு செய்ய வேண்டும்; எனக்கே அதில் உறுதியான விடை இல்லை.

பெருந்துறை வாசகர்: எனக்கு வரும் பி.எஃப். பென்ஷனில் இதை மாற்றலாமா?

மாற்ற முடியாது. 1995ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஓய்வூதியர் காலமானபின் மனைவிக்குப் பாதி என்று விதியே சொல்கிறது. குறைந்தபட்சம் 1,000 ரூபாய். நாம் பேசுவது, சொந்தப் பணம் கொடுத்து வாங்கும் ஆனுவிட்டி.

ஈரோடு வாசகி: போட்ட பணமும் பிள்ளைகளுக்குத் திரும்ப வரவேண்டுமே?

மனைவி மிக இளையவர் என்றால் இந்த விருப்பத்தையும் விலை கேட்டுப் பாருங்கள். நிறுவனம் எப்படியும் நெடுங்காலம் கொடுக்கப்போவதால், போட்ட பணத்தைத் திருப்பித் தராத திட்டத்திலும் அது ஓய்வூதியத்தை அதிகம் உயர்த்தித் தர முடியாது. ஆகவே இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறுகிவிடும். சம வயதுத் தம்பதிக்கு அந்த இடைவெளி அதிகம்.

எதைக் கேட்டாலும் இருவரின் பிறந்த தேதியையும் கொடுத்து, எல்லா விருப்பங்களுக்கும் மாதம் எவ்வளவு வரும் என்பதை ஒரே நாளில் எழுத்தில் வாங்குங்கள். அண்மையில் என்னிடம் வந்த ஒரு அம்மாவின் ஆதாரில் ஜனவரி 1 என்றும், பள்ளிச் சான்றிதழில் மூன்று ஆண்டு தள்ளியும் இருந்தது. ஓய்வூதியம் தொடங்கியபின் விருப்பத்தை மாற்ற வழியில்லை என்பதால், தேதியை முதலில் திருத்திவிட்டுத்தான் கையெழுத்திட்டார்கள்.