பிளாட்பாரக் கண்ணாடி போதுமா, டெஸ்ட் பண்ணித்தான் வாங்கணுமா?

"வயசு 46. பேப்பர் படிக்க மட்டும் கண்ணாடி வேணும். பிளாட்பாரத்துல 150 ரூபாய்க்குக் கிடைக்கிறதை வாங்கலாமா?"

தூரப் பார்வை கண்ணாடி இல்லாமலே தெளிவாக இருந்து, இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் என்றால் தாராளமாக வாங்கலாம். அந்தக் கண்ணாடிகளில் இரு பக்கமும் ஒரே பிளஸ் பவர்தான், சிதறல் பார்வையைச் சரிசெய்யும் சிலிண்டர் பவர் கிடையாது.

கடையிலேயே சோதிக்கலாம். பேப்பரை வழக்கமாகப் படிக்கும் தூரத்தில், சுமார் 40 செ.மீ.யில், பிடித்து ஒவ்வொரு கண்ணாக மூடிப் படியுங்கள். உங்கள் வயதுக்கு +1.25 அல்லது +1.50 போதும், எழுத்து பெரிதாகத் தெரிகிறதே என்று +2.50 எடுத்தால் பேப்பரை இன்னும் கிட்டத்தில் பிடிக்க வேண்டிவரும். அப்புறம், கண்ணாடியைக் கைநீட்டிப் பிடித்து, அதன் வழியே கதவு விளிம்பைப் பார்த்தபடி மெல்ல அசையுங்கள். கோடு நெளிந்தால் லென்ஸ் மட்டம்.

என் அம்மா இரண்டு வருடம் +2 போட்டுத் தலைவலி என்றார். சோதித்தால் வலது +1.50, இடது +2.50. எந்த ரெடிமேடும் அவருக்குச் சரிவராது.

மலிவுக் கண்ணாடி கண்ணைக் கெடுக்காது. ஆனால் கண் அழுத்த நோயை அது காட்டிக்கொடுக்காது. சர்க்கரை இருந்தால் வருடம் ஒருமுறை விழித்திரையைப் பார்த்துவிடுங்கள்.