ஷிப்மென்ட் வாரத்தில் லீவு கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி: திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் புதிதாக ஃப்ளோர் இன்சார்ஜ் ஆகியிருக்கிறேன். ஷிப்மென்ட் நெருங்கும்போதுதான் ஆளாளுக்கு லீவு கேட்கிறார்கள். மனம் நோகாமல் மறுத்து, வேறு தேதி கொடுப்பது எப்படி?

கேட்பவர் எந்தப் பிரிவு என்று முதலில் பாருங்கள். ஷிப்மென்ட் வாரம் எல்லோருக்கும் நெருக்கடி வாரம் கிடையாது. வெள்ளிக்கிழமை ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் என்றால், அந்த ஆர்டருக்குக் கட்டிங் எப்போதோ முடிந்திருக்கும். அடுத்த ஸ்டைலுக்கான துணி இன்னும் சாயப்பட்டறையில் கிடக்கிறதா? அப்படியானால் கட்டிங் மாஸ்டரைத் தாராளமாக ஊருக்கு அனுப்பலாம். "ஷிப்மென்ட் முடியும்வரை யாருக்கும் லீவு இல்லை" என்று போர்டில் எழுதிப் போடுவது நிர்வாகத்துக்குச் சுலபம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளுக்குத்தான் எரிச்சல்.

அந்த வாரம் உண்மையிலேயே விட முடியாதவர்கள் செக்கிங், அயர்னிங், பேக்கிங் ஆட்கள். இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வரும்போது, வழக்கமாக, சரக்கு முழுவதும் தைத்து முடிந்து, 80 சதவீதமாவது பெட்டியில் ஏறியிருக்க வேண்டும். எந்தப் பெட்டியைப் பிரிப்பது என்று அவரே தேர்ந்தெடுப்பார். கறை, ஓட்டை, தையல் விட்டது என்று அனுமதித்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டால், கட்டிய பெட்டிகளையெல்லாம் பிரித்து மறுபடியும் செக்கிங்தான். அதற்குள் கப்பல் போய்விட்டால் விமானத்தில் அனுப்பும் செலவு கம்பெனி தலையில் விழும். இதை அப்படியே அவர்களிடம் சொல்லலாம். "மேலிடத்தில் விடமாட்டேன் என்கிறார்கள்" என்பதைவிட இது அவர்கள் கண்ணால் பார்த்த காரணம்.

எங்கள் யூனிட்டில் நடந்ததைச் சொல்கிறேன். செக்கிங் சூப்பர்வைசர், என்னைவிட மூத்தவர், வியாழன் முதல் திங்கள் வரை ஐந்து நாள் கேட்டார். அக்கா மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்துவார்கள்? அந்தத் தேதியை மாற்றச் சொல்ல நமக்கு வாயே வராது. ஆனால் ஐந்து நாளும் காதுகுத்து இல்லையே! விசாரித்தால் விழா ஞாயிறு காலை. முதல் மூன்று நாள் சீர் வாங்கவும் பந்தல் வேலைக்கும். திங்கள் குலதெய்வம் கோயிலுக்கு.

அவரிடம் சொன்னது இதுதான்: "அண்ணா, வியாழன், வெள்ளி, சனி மூணு நாளும் என்னால விட முடியாதுங்க. வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன், அந்த மூணு லைன் சரக்கும் உங்க கையிலதான் இருக்கு. சனிக்கிழமை மத்தியானம் கண்டெய்னர் ஏறினதும் நீங்க கிளம்பிடுங்க. ஞாயிறு, திங்கள் உங்களுது. நிறுத்தி வச்ச மூணு நாளுக்கு அடுத்த வாரம் புதன், வியாழன், வெள்ளி எடுத்துக்கங்க. இப்பவே ரிஜிஸ்டர்ல எழுதிடறேன்." சீர் வாங்கத்தான் நேரமில்லை என்றார். புதன் சாயங்காலம் இரண்டு மணி நேரம் பர்மிஷன் கொடுத்தோம்; வீட்டில் இருப்பவர்களோடு கடைக்குப் போய் வாங்கிவிட்டார். முகம் கொஞ்சம் வாடித்தான் போனது, ஆனால் சண்டை வரவில்லை.

ஏன் செவ்வாய் இல்லாமல் புதன் என்று கேட்கலாம். சாயம் தாமதம், லேபிள் வரவில்லை என்று ஷிப்மென்ட் ஓரிரு நாள் தள்ளிப்போவது இங்கே சகஜம். கண்டெய்னர் கிளம்பிய மறுநாளையே மாற்றுத் தேதியாகக் கொடுத்தால், அதையும் ரத்து செய்யும்படி ஆகிவிடும். ஒரு முறை மறுத்தால் பொறுத்துக்கொள்வார்கள், இரண்டாம் முறை சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார்கள். அதே சமயம் அடுத்த ஸ்டைல் லைனில் ஏறி செக்கிங் டேபிளுக்கு வருவதற்குள் அந்த லீவு முடிந்துவிட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சும்மா நாட்கள்தான் நீங்கள் கொடுக்கக்கூடிய தேதி. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது தேதியே இல்லை.

பதிலை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று இரண்டு நாள் இழுத்தால், அதற்குள் பஸ் டிக்கெட் போட்டிருப்பார்கள், ஊரில் வருகிறேன் என்று வாக்கும் கொடுத்திருப்பார்கள். சாவு, ஆஸ்பத்திரி, பிரசவம் என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், அனுப்பிவிட்டு பக்கத்து யூனிட்டில் ஆள் கேளுங்கள்.

இன்னொன்று, சம்பளத்தோடு கூடிய லீவை முறைப்படி எழுதிக் கேட்டு நிர்வாகம் மறுத்தால், அந்த நாட்கள் காலாவதி ஆகாது. வழக்கமாக அடுத்த ஆண்டுக்கு 30 நாள்தான் கொண்டுபோகலாம் என்றாலும், மறுக்கப்பட்ட லீவுக்கு அந்த வரம்பு கிடையாது என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 79-வது பிரிவிலேயே இருந்தது; 2025 நவம்பரில் அதற்குப் பதிலாக வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. அதனால் மறுத்ததை ரிஜிஸ்டரில் தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் கம்பெனியில் வருகைக்கு இன்சென்டிவ் உண்டென்றால், நீங்களே மாற்றிக் கொடுத்த நாட்களுக்கு அதைப் பிடிக்கக் கூடாது என்று டைம் ஆபீசில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் சம்பள நாளன்று அவர் நேராக உங்களிடம்தான் வருவார்.