பால்சோறு தின்று வளர்ந்த பூனை

கேள்வி: பத்தாயம் இருந்த பழைய வீட்டில் எங்கள் ஆண் பூனை பால்சோறு தின்றே நான்கு கிலோ இருந்தது. இரண்டு வருடமாகக் கான்கிரீட் வீட்டில் இருக்கிறோம். அறுத்த நெல் நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. பூனை இப்போது மெலிந்து, முடி கொட்டுகிறது. மகன் உலர் தீவனம் வாங்கச் சொல்கிறான், மனைவி கோழிக்கறி வேகவைத்துப் போடலாம் என்கிறாள், கடையில் பாக்கெட்டில் ஈரத் தீவனமும் விற்கிறார்கள். எதைக் கொடுப்பது?
– ஒரத்தநாடு விவசாயி

பதில்: ஐயா, பழைய வீட்டில் உங்கள் பூனையைக் காப்பாற்றியது பத்தாயத்து எலிகள். ஓர் எலியில் தசை, ஈரல், இதயம், எலும்பு, கூடவே முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் என்று பூனைக்கு வேண்டிய எல்லாம் இருக்கின்றன. பால்சோறு மேலுக்குத்தான். எலி போனதும் வெறும் பால்சோறு மிஞ்சியது, அதனால்தான் இந்த மெலிவு என்று நினைக்கிறேன். ஆனாலும் குடற்புழு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நாய் சோற்றில் சமாளித்துக்கொள்ளும், பூனையால் முடியாது. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் போதிய அளவு தயாரிப்பதில்லை, கறியிலும் மீனிலும் இருந்துதான் அது வரவேண்டும். அரிசியிலும் பருப்பிலும் அது கிடையாது. வைட்டமின் ஏ-யும் அப்படித்தான். கேரட்டிலிருந்து அதை எடுத்துக்கொள்ளப் பூனைக்குத் தெரியாது, ஈரலில் இருப்பதே அதற்குப் பயன்படும்.

டாரின் குறைந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு பூனையிடம் நேரில் பார்த்தேன். தென்னந்தோப்புக்காரர் ஒருவர் நாய்களுக்கு வாங்கிய தீவனத்தையே அதற்கும் வைத்து வந்தார். உச்சி வெயிலிலும் அதன் கருவிழி கோடாகச் சுருங்காமல் அகலத் திறந்தே இருந்தது. தினமும் ஏறும் ஜன்னல் திட்டுக்குத் தாவி, ஒரு சாண் குறைவாக விழுந்தது. விழித்திரை அழிந்துபோயிருந்தது, பார்வை திரும்பவில்லை. இதே குறையால் பூனையின் இதயமும் வீங்கித் தளரும் என்று 1987-இல் கலிபோர்னியாவில் கண்டறிந்தார்கள். இதயத்தை ஆரம்பத்தில் கவனித்தால் டாரின் கொடுத்து மீட்க முடியும். உங்கள் பூனையையும் நல்ல வெளிச்சத்தில் தூக்கிவைத்துக் கருவிழியைப் பாருங்கள்.

மகன் சொல்லும் உலர் தீவனத்தில் டாரின் சேர்த்தே வருகிறது. பாக்கெட்டில் ‘கம்ப்ளீட்’ என்று இருக்க வேண்டும். ‘காம்ப்ளிமென்டரி’ என்று இருந்தால் அது தொடுகறி மட்டுமே. உலர் தீவனத்தின் குறை தண்ணீர். அதில் ஈரம் பத்தில் ஒரு பங்குதான், பூனையோ தானாகத் தேடிக் குடிக்கும் பழக்கம் குறைந்த பிராணி. ஈரத் தீவனத்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். மூத்திரக் குழாய் எளிதில் அடைத்துக்கொள்ளும் ஆண் பூனைக்கு அது பெரிய உதவி.

வீட்டம்மா சொல்லும் கோழிக்கறியைப் பூனை ஆசையாகத் தின்னும். ஆனால் எலும்பில்லாத கறியில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு, வேகவைத்த தண்ணீரோடு டாரினும் இறங்கிவிடுகிறது. அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் ஆறவைத்துக் கறியோடு ஊற்றுங்கள். கோழி இதயம் கிடைத்தால் சேருங்கள், டாரின் அதில் அதிகம். ஈரல் வாரம் இருமுறை நெல்லிக்காய் அளவு போதும். தினமும் போட்டால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்பு இறுகிவிடும். வெங்காயம், பூண்டு, உப்பு, மசாலா எதுவும் கூடாது. பச்சை மீனும் வேண்டாம், வேகவைத்தே கொடுங்கள். முழுக்க வீட்டுச் சாப்பாடு என்றால் சுண்ணாம்பும் டாரினும் மருத்துவர் சொல்லும் அளவில் சேர்த்தாக வேண்டும். வெறும் கறி போதாது.

நான் உங்களுக்குச் சொல்வது கலப்புத்தான். காலையில் உலர் தீவனம் 30 கிராம், மாலையில் 85 கிராம் ஈரத் தீவனப் பாக்கெட் ஒன்று, அதோடு வேகவைத்த கோழி 30 கிராம். நான்கு கிலோ பூனைக்கு இது ஒரு நாளுக்குச் சரி. எடை ஏற ஏறப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது பேதியாகும்.

சோற்றைத் திடீரென்று நிறுத்தாமல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கூட்டுங்கள். ‘பசித்தால் தின்னும்’ என்று பட்டினி போடாதீர்கள். இரண்டு நாள் எதுவும் தின்னாத பூனைக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

உலர் தீவனம் தொடங்கியபின் அது சிறுநீர் கழிக்கும் இடத்தையும் கவனியுங்கள். திரும்பத் திரும்பக் குந்தி, முக்கி, ஒரு சொட்டும் வராமல் கத்தினால் மூத்திரக் குழாய் அடைத்திருக்கிறது. மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.