லேடெக்ஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எந்த ஆணுறை?

"லேடெக்ஸ் ஆணுறை போட்டாலே அரிக்கிறது. வேறு வழி உண்டா? மனைவி கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறார், அது போதாதா?"

லேடெக்ஸ் என்பது ரப்பர் மரத்துப் பால். அதிலுள்ள புரதத்தை உடல் எதிரியாக நினைப்பதால்தான் அரிப்பும் தடிப்பும். பலூன் ஊதினாலும் அரித்தால் சந்தேகம் வலுக்கும். மூச்சுத் திணறினால் யோசிக்காமல் 995-ல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

சிங்கப்பூர் மருந்துக்கடைகளில் பாலிஐசோப்ரீன், பாலியூரித்தேன் ஆணுறைகள் கிடைக்கும். இரண்டிலும் அந்தப் புரதம் இல்லை. ஆனால் பாலிஐசோப்ரீனும் ரப்பர் இனம்தான், வழுக்கலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் ஆகாது. நாசி லெமாக் பொட்டலத்து ரப்பர் பேண்ட் எண்ணெய் பட்டு இளகி, இழுத்ததும் அறுமே, அதே கதை. எண்ணெய் இல்லாத, நீரை அடிப்படையாகக் கொண்ட வழுக்குப் பசையே போதும்.

மாத்திரை கருவைத் தடுக்கும், தொற்றைத் தடுக்காது. அதற்கு ஆணுறையும் வேண்டும். இதைத்தான் இரட்டைப் பாதுகாப்பு என்கிறோம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஆணுறை மாட்டுவதை அல்ல, அவை உராய்ந்து கிழியக்கூடும்.