குழிக்குள் இறங்கச் சொன்னது யார்?

அன்புள்ள ஐயா,

மலக்குழிக்குள் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013லேயே சட்டம் வந்துவிட்டது. சிறைத் தண்டனையும் உண்டாம். பிறகும் மரணச் செய்தி வந்துகொண்டே இருக்கிறதே? சட்டத்தில் ஓட்டையா, அதிகாரிகளின் அலட்சியமா?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

அலட்சியம்தான். ஆனால் அது எப்படி இவ்வளவு மலிவாகிப் போனது என்று பார்க்க வேண்டும்.

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுத்தொட்டி நிரம்பிவிட்டது என்று வையுங்கள். லாரி வருகிறது. குழாய் மேலே நிற்கும் நீரை உறிஞ்சிவிடும். அடியில் பல வருடமாக இறுகிய கசடு வராது. அதைக் கலக்கிவிட ஒருவர் இறங்குகிறார். கிளறியதும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு கிளம்பும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஓரிரு மூச்சில் சாய்ந்துவிடுவார். தூக்கிவிட இறங்குபவரும் அப்படியே விழுவது இதனால்தான்.

இனி வழக்கு. பணம் கொடுத்த சங்கம் 'லாரியைத்தான் கூப்பிட்டோம்' என்கிறது. லாரிக்காரர் 'அவராகத்தான் இறங்கினார்' என்கிறார். நேரில் பார்த்தவர் உடன் வேலை செய்தவர். அவருக்கு நாளைக்கும் அதே லாரியில் வேலை வேண்டும். கவனக்குறைவால் மரணம் என்று மட்டும் போலீஸ் பதிவு செய்தால், 2013 சட்டம் பேச்சிலேயே வராமல் போகும். அந்தச் சட்டத்தின்படி மூன்று மாதத்துக்குள் புகார் தந்தாக வேண்டும். சாவு வீட்டில் அந்தக் கணக்கு யாருக்கு நினைவிருக்கும்?

வரையறையும் இடிக்கிறது. பாதுகாப்புக் கருவிகள் தராமல் இறக்குவதையே சட்டம் அபாயகரமான துப்புரவு என்கிறது. ஆகவே இறக்கியது சரியா என்பதைவிட, கையுறை தந்தார்களா என்பது வாதமாகிவிடுகிறது. மலம் அள்ளுவதும் மலக்குழியில் இறங்குவதும் தனித்தனி வகை என்பதால், மலம் அள்ளியதால் யாரும் சாகவில்லை என்று 2021ல் நாடாளுமன்றத்தில் அரசு பதில் சொல்லவும் முடிந்தது.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. கையால் மலம் அள்ள வேண்டியிருக்கும் சுகாதாரமற்ற கழிப்பறைகளைக் கணக்கெடுக்க வேண்டியது உள்ளாட்சி அமைப்பு. கண்டுபிடித்தால் அவற்றை இடிக்கவோ மாற்றவோ நடவடிக்கை எடுக்க வேண்டியதும் அதுவே. 'எங்கள் ஊரில் இல்லை' என்று எழுதினால் வேலையும் செலவும் மிச்சம். அப்படி எழுதியதை யாரும் வந்து சரிபார்ப்பதும் அபூர்வம். பொய் சொல்பவருக்கே லாபம் வரும்படி ஏற்பாடு செய்துவிட்டு நேர்மையை எதிர்பார்த்தால் எப்படி?

இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014ல் 10 லட்சம் என்றது, 2023ல் 30 லட்சமாக உயர்த்தியது. குடும்பத்துக்கு அவசியமான பணம். ஆனால் அரசு கஜானாவிலிருந்து வரும்போது, லாரிக்காரருக்கு அது சுடுவதில்லை.

அவருக்குச் சுடுவது உரிமம்தான். ஆளை இறக்கினால் லாரியின் உரிமம் ரத்து, குடியிருப்புச் சங்கத்துக்கு அபராதம் என்று நகராட்சியே உடனடியாகச் செய்யலாம், நீதிமன்றத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அப்புறம், இறுகிய கசட்டைக் கரைக்க அழுத்த நீர் பீய்ச்சும் இயந்திரம் உங்கள் மாநகராட்சியில் இருக்கிறதா, அதன் வாடகை ஒரு ஆளின் கூலியைவிட எவ்வளவு கூடுதல் என்று கேட்டுப் பாருங்கள்.